தொகையீட்டினுள் மறைந்த சார்பு

கி.பி. 1690ஆம் ஆண்டு மே மாதத்தில், லைப்சிக் நகரிலிருந்து வெளிவந்த ‘அக்ற்றா எரூடிற்றோறம்’ என்னும் இலத்தீன் அறிஞர் ஏட்டில், பாசல் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியரான யாக்கோப்பு பேர்ணூலி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு பொருள் கீழ்நோக்கிய திசையில் மாறாக் கதியுடன் இறங்குவதற்கு ஏற்ற வளையி யாது என லைப்னிற்ஸ் கேட்டிருந்த வினாவுக்கு அக்கட்டுரை விடையளித்தது. கணித வரலாற்றில் அது இரு காரணங்களாற் பெயர் பெற்றது. இரு நுண்கூறுகள் சமமெனின் அவற்றின் தொகையீடுகளும் சமமாகும் என்று கூறுமிடத்து, ‘இன்ரெகிரல்’ என்னும் சொல் முதன்முதலாக அச்சில் ஏறியது அதிலேதான். அக்கட்டுரையின் இறுதியில் யாக்கோப்பு உலகத்து அறிஞர்க்கு ஓர் அறைகூவலும் விடுத்தார்: இரு புள்ளிகளிடையே தளர்ந்து தொங்கும் சங்கிலி எவ்வடிவத்தை எடுக்கும்?

இவ்வினா புதியதன்று. கலிலியோ 1638இல் வெளியிட்ட தமது நூலில், தொங்கும் சங்கிலி பரவளைவுக்கு மிக அண்மையான வடிவுடையதெனக் கூறியிருந்தார். பதினேழு வயது நிரம்பிய ஹைகன்ஸ் 1646இல் அது பரவளைவாக இருக்க முடியாதெனக் காட்டினார். ஆனால் ‘அதுவன்று’ எனக் காட்டுதல் வேறு, ‘இதுவே’ எனக் காட்டுதல் வேறு. இரண்டாவதற்குப் புதிய கருவியொன்று வேண்டியிருந்தது. அக்கருவியை லைப்னிற்ஸ் 1684இல் அதே ஏட்டில் வெளியிட்டிருந்தார்.

சங்கிலியின் வினா ஏன் கடினமானது என்பதை முதலிற் காண்டல் வேண்டும். சங்கிலியின் மிகத் தாழ்ந்த புள்ளியை O எனவும், அதன்மேல் வேறு யாதாயினும் ஒரு புள்ளியை P எனவும் கொள்க. O முதல் P வரையுள்ள துண்டின்மீது மூன்று விசைகள் தொழிற்படுகின்றன. O இல் கிடையான இழுவை H. P இல் தொடலியின் வழியே செல்லும் இழுவை. கீழ்நோக்கித் துண்டின் நிறை. ஓரலகு நீளத்தின் நிறை w எனவும் துண்டின் நீளம் s எனவும் கொண்டால், அந்நிறை ws ஆகும். துண்டு அசையாது நிற்பதால், P இலுள்ள தொடலியின் படித்திறன் ws/H ஆதல் வேண்டும். H/w என்பதை a என எழுதினால், a ஒரு நீளம். தாழ்புள்ளியின் இழுவைக்குச் சமமான நிறையுடைய சங்கிலித் துண்டின் நீளமே அது. படித்திறனை p என்க. அப்பொழுது,

a p(x) = s

இச்சமன்பாடு மிக எளிதாகத் தோன்றும். ஆயின் s என்பது வளையியின் வில்லின் நீளம். வளையி தெரிந்தாலன்றி அதன் நீளமும் தெரியாது. நீளத்தைப் படித்திறன் கொண்டு எழுதினால் இச்சிக்கல் வெளிப்படையாகும்:

a p(x) = ∫₀ˣ √(1 + p(t)²) dt

காண வேண்டிய p இடப்பக்கத்தில் நிற்கின்றது. வலப்பக்கத்திலே தொகையீட்டுக் குறியினுள்ளும் ஒளிந்து நிற்கின்றது. p ஐ அறிந்தாலே தொகையிடலாம். தொகையிட்டாலே p ஐ அறியலாம். சங்கிலியின் நிறை வில்லின் வழியே பரவாது கிடைத் தூரத்தின் வழியே சீராகப் பரவியிருந்தால், இத்தொல்லை எழுந்திராது. தொகையீட்டினுள் 1 மாத்திரம் நிற்கும்; a p = x ஆகும்; வளையி பரவளைவாகும். சிறிதளவே தாழ்ந்து தொங்கும் சங்கிலியில் p மிகச் சிறியதாகையால் √(1 + p²) என்பது ஏறக்குறைய 1 ஆகும். கலிலியோவின் கூற்று உண்மைக்கு அண்மையில் நின்றதன் காரணம் இதுவே.

அறைகூவலுக்கு விடைகள் 1691ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அதே ஏட்டில் வெளிவந்தன. விடையளித்தோர் மூவர்: லைப்னிற்ஸ், ஹைகன்ஸ், யாக்கோப்பின் தம்பியாகிய யோகான் பேர்ணூலி. வினாவை எழுப்பிய தமையனின் பெயர் அவர்களிடையே இல்லை. இருபத்துமூன்று வயதுடைய தம்பி அதனை எளிதில் மறந்தாரல்லர். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, தமையன் இறந்து பதின்மூன்று ஆண்டுகளாகிய பின்னும், 1718இல் மொன்மோர் என்பார்க்கு எழுதிய கடிதத்தில், அவ்விடை தம் ஓரிரவுத் தூக்கத்தைப் பறித்ததையும், தமையனார் அதனைக் காண முடியாது தவித்ததையும் பெருமையுடன் நினைவுகூர்ந்தார். உடன்பிறந்தாரிடையே மூண்ட இப்போட்டியினாற் கணிதம் பெற்ற பேறு பெரிதே. பேர்ணூலி குடும்பம் பெற்ற அமைதி சிறிதே.

யோகானின் வழி, நீளமாகிய s ஐ விட்டு அதன் நுண்கூறாகிய ds ஐப் பற்றிக்கொள்வதாகும். முழு வில்லின் நீளம் வளையி முழுவதையும் சார்ந்தது. ஆனால் ds என்பது அவ்விடத்துப் படித்திறனை மாத்திரமே சார்ந்தது. இன்றைய குறியீட்டிற் கூறின், மேலைச் சமன்பாட்டின் இரு பக்கங்களையும் x குறித்து வகையிடுதலே அது. வலப்பக்கத்துத் தொகையீட்டின் மேலெல்லை x ஆகையால், அதனை வகையிட்டால் தொகையீட்டுக் குறி நீங்கி, உள்ளிருந்த சார்பு x இல் எடுக்கும் பெறுமானம் மாத்திரம் எஞ்சும்:

a p′ = √(1 + p²)

மறைந்திருந்தது வெளிவந்துவிட்டது. இது சாதாரண வகையீட்டுச் சமன்பாடு. மாறிகளைப் பிரித்துத் தொகையிட்டால்,

x = a log ( p + √(1 + p²) ) + C

என வரும். C என்னும் மாறிலியை எங்கிருந்து பெறுவது? வகையிட்ட சமன்பாடு அதனைக் கூறமாட்டாது. மூலச் சமன்பாட்டையே மீண்டும் நோக்க வேண்டும். அதிலே x = 0 என இட்டால் தொகையீட்டின் இரு எல்லைகளும் ஒன்றாகி, தொகையீடு பூச்சியமாகின்றது; ஆகவே p(0) = 0. தாழ்புள்ளியிலே தொடலி கிடையானது என்பதே இதன் பொருள். எனவே C = 0. இதிலிருந்து,

p = ( e^(x/a) − e^(−x/a) ) / 2
y = a ( e^(x/a) + e^(−x/a) ) / 2

என்பன கிடைக்கின்றன. y ஆனது தாழ்புள்ளிக்குக் கீழே a தூரத்திலுள்ள கிடைக்கோட்டிலிருந்து அளக்கப்படுவது. இவ்விடையைச் சோதித்தலும் எளிது. தொடலி 45 பாகை சாய்ந்திருக்கும் இடத்தில் p = 1; அவ்விடத்திற்கும் தாழ்புள்ளிக்கும் இடைப்பட்ட சங்கிலியின் நீளம் சரியாக a ஆதல் வேண்டும். ஒரு சங்கிலியைச் சுவரருகே தொங்கவிட்டு அவ்விடத்தைக் குறித்து அளப்பவன் a ஐ நேரே பெறுவான். யோகானின் காலத்தில் e^x என்னும் குறியீடு இருக்கவில்லை; அவர் தம் விடையை அதிபரவளைவின் பரப்பைக் கொண்டு அமைத்துக் காட்டினார்.

மேலே கண்ட வழியிலே இரண்டு செயல்கள் உள்ளன: ஒன்று வகையிடல், மற்றொன்று கீழெல்லையில் மூலச் சமன்பாட்டை வினாவுதல். மாணவர் முதலாவதை விரும்பிச் செய்வர், இரண்டாவதை மறப்பர். ஒரு சிறு எடுத்துக்காட்டு இதன் தீங்கை விளக்கும்.

φ(x) = 1 + ∫₀ˣ φ(t) dt

என்பதை வகையிட்டால் φ′ = φ; எனவே φ = Ce^x. வலப்பக்கத்தில் 1 இருந்த இடத்தில் 5 இருந்திருந்தாலும் இதே வகையீட்டுச் சமன்பாடே வந்திருக்கும். ஏனெனில் மாறிலியை வகையிட்டால் பூச்சியம். ஆகவே 1க்கும் 5க்கும் உள்ள வேறுபாட்டை வகையிடல் அழித்துவிட்டது. x = 0 இல் மூலச் சமன்பாடு φ(0) = 1 எனக் கூறுகின்றது; C = 1 ஆகின்றது. மாறிலியைக் காணாது Ce^x என விட்டவன், எண்ணிறந்த விடைகளைத் தந்து, அவற்றுட் சரியானது யாது எனக் கூறாதவனாகின்றான்.

தொகையீட்டினுள்ளே x தானும் தோன்றுமாயின், கவனம் இன்னும் வேண்டும். அத்தகைய சமன்பாட்டின் பொது வடிவம்,

f(x) = ∫₀ˣ K(x, t) φ(t) dt

என்பதாகும். f தெரிந்தது, φ காண வேண்டியது, K(x, t) என்பது ‘கரு’ எனப் பெயர் பெறும். இங்கு x இரு இடங்களில் நிற்கின்றது: மேலெல்லையில் ஒருமுறை, கருவினுள் ஒருமுறை. x சிறிது கூடும்போது பரப்பின் வலது ஓரத்தில் ஒரு புதிய கீற்றுச் சேர்கின்றது. அதனுடன் முன்பிருந்த பரப்பு முழுவதும் தன் உயரத்தைச் சிறிது மாற்றிக்கொள்கின்றது. ஆகவே பெறுதியில் இரண்டு உறுப்புகள் வரும்:

f′(x) = K(x, x) φ(x) + ∫₀ˣ Kₓ(x, t) φ(t) dt

Kₓ என்பது t ஐ மாற்றாது x குறித்து மாத்திரம் கருவை வகையிட்டது. இரண்டாம் உறுப்பை விட்டுவிடுதல் மிகப் பொதுவான பிழை. உதாரணமாக, φ(x) = x − ∫₀ˣ (x − t) φ(t) dt என்பதிலே முதலுறுப்பு மறைகின்றது; ஏனெனில் t = x ஆகும்போது x − t பூச்சியம். இரண்டாம் உறுப்பை மறந்தவன் φ′ = 1 எனவும் φ = x எனவும் பெற்று மகிழ்வான். உண்மையில் φ′ = 1 − ∫₀ˣ φ(t) dt; மீண்டும் வகையிட்டால் φ″ = −φ. மூலச் சமன்பாட்டிலிருந்து φ(0) = 0, முதற் பெறுதியிலிருந்து φ′(0) = 1. ஆகவே φ = sin x. இருமுறை வகையிட்டதால் இருமுறை கீழெல்லையை வினாவ வேண்டியதாயிற்று.

இனி, இம்முறை முற்றாக முறிந்துபோன ஓரிடத்துக்கு வரலாறு செல்கின்றது. நோர்வே நாட்டின் கிறித்தியானியா நகரில் (1925 முதல் ஒஸ்லோ எனப் பெயர் பெற்றது) 1823இல் இயற்கை விஞ்ஞானத்துக்கான ஒரு புதிய சஞ்சிகை தொடங்கப்பட்டது. 1802இற் பிறந்த நீல்ஸ் ஹென்றிக் ஏபெல் என்னும் வறிய மாணவன் அவ்வாண்டிலேயே அதிற் கட்டுரை எழுதினான். அவன் எடுத்துக்கொண்ட சிக்கல்களுள் ஒன்று இயக்கவியலைச் சார்ந்தது. உராய்வற்ற ஒரு வளையியின் வழியே ஒரு மணி x உயரத்திலிருந்து ஓய்வுநிலையில் விடப்பட்டு அடிப்புள்ளியை அடைகின்றது. வளையி தெரிந்தால் நேரத்தைக் காண்பது பாடசாலைக் கணக்கு. ஏபெல் அதனைத் தலைகீழாக்கினான்: ஒவ்வோர் உயரத்திலிருந்தும் இறங்க எடுக்கும் நேரம் தெரியுமாயின், வளையி யாது?

மணி t உயரத்தில் உள்ளபோது அதன் கதி √(2g(x − t)). அவ்வுயரத்திலே வில்லின் நுண்கூறு φ(t) dt என்க. நேரம் T(x) என்பதை √(2g) ஆற் பெருக்கி f(x) என எழுதினால்,

f(x) = ∫₀ˣ φ(t) / √(x − t) dt

என்பது ஏபெலின் சமன்பாடு. பார்வைக்கு இது முன்னையவற்றின் உடன்பிறப்பே. இரு பக்கங்களையும் வகையிட முயன்றால் நிகழ்வதைக் காண்க. கரு 1/√(x − t). t = x ஆகும்போது அதன் பெறுமானம் முடிவிலி; எனவே முதலுறுப்பு முடிவிலி. Kₓ என்பது −½ (x − t)^(−3/2). மேலெல்லைக்கு அருகில் இது தொகையிட முடியாத அளவு விரைந்து பெருகுகின்றது. எனவே இரண்டாம் உறுப்பு எதிர் முடிவிலி. முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழிக்குமாறு கூறும் விதி எதனையும் கூறவில்லை.

பெறுதி இல்லையென்று இதனால் முடிவு செய்தலும் தவறாகும். φ = 1 எனக் கொண்டு பார்க்கலாம்; இது நிலைக்குத்தாக விழும் மணியைக் குறிக்கும். அப்பொழுது f(x) = 2√x; அதன் பெறுதி 1/√x; முடிவுள்ள, நேர்மையான சார்பு. பெறுதி உண்டு, அதனைக் காணச் சொன்ன விதியே இவ்விடத்துக்கு உரியதன்று. கருவில் t ஐ x ஆக்கிப் பார்த்தால் இத்தடை முன்னரே தெரிந்துவிடும். வகையிடத் தொடங்குமுன் அவ்வொரு பார்வையை இடாதவனே இடர்ப்படுகின்றான்.

ஏபெல் கண்ட வழி, வகையிடுமுன் ஒருமுறை தொகையிடுதலாகும். 1823இல் அவன் எழுதிய கட்டுரையையும், 1826இல் பேர்லினிலே கிறெல் தொடங்கிய சஞ்சிகையின் முதற் தொகுதியில் அவன் மீண்டும் எழுதியதையும் பிற்காலத்தார் பலவாறு சுருக்கியுள்ளனர். இன்று பாடநூல்களில் வழங்கும் வடிவம் வருமாறு. சமன்பாட்டின் இரு பக்கங்களையும் 1/√(z − x) ஆற் பெருக்கி, x ஐ 0 முதல் z வரை தொகையிடுக. வலப்பக்கத்தில் இரட்டைத் தொகையீடு வரும். t இன் தொகையீட்டை வெளியேயும் x இன் தொகையீட்டை உள்ளேயும் மாற்றி வைத்தால், உள்ளே நிற்பது

∫ₜᶻ dx / √( (z − x)(x − t) )

என்பதாகும். x = t + (z − t) sin²θ எனப் பிரதியிட்டால், பகுதியிலுள்ள வர்க்கமூலம் (z − t) sin θ cos θ ஆகவும், dx ஆனது 2(z − t) sin θ cos θ dθ ஆகவும் மாறுகின்றன. யாவும் வெட்டுண்டு, 0 முதல் π/2 வரை 2 dθ என்பதன் தொகையீடு எஞ்சுகின்றது. அதன் பெறுமானம் π. z உம் t உம் முற்றாக மறைந்துவிட்டன. தொல்லை தந்த கரு ஒரு வெறும் மாறிலியாக மாறிவிட்டது:

∫₀ᶻ f(x) / √(z − x) dx = π ∫₀ᶻ φ(t) dt

இப்பொழுது வலப்பக்கத்திலுள்ள தொகையீடு பேர்ணூலியின் தொகையீட்டைப் போன்று எளியது. இரு பக்கங்களையும் z குறித்து வகையிட்டால் φ வெளிவரும்:

φ(z) = (1/π) d/dz ∫₀ᶻ f(x) / √(z − x) dx

வகையிடல் கைவிடப்படவில்லை; அதன் இடம் மாத்திரம் மாறியது. முதலிற் செய்தபோது பயனற்றுப்போன செயல், இறுதியிற் செய்தபோது விடையளித்தது. எல்லைகளைத் தொகையீட்டுக் குறியின் அடியிலும் தலையிலும் எழுதும் வழக்கத்தை வெப்பம் பற்றிய தமது நூலாற் பரப்பிய பூரியேயின் அந்நூல் 1822இலேயே வெளிவந்தது என்பதை எண்ணுமிடத்து, எல்லைகளையே கருவியாகக் கொண்ட இவ்வழியை இருபது வயதளவினனான ஒருவன் மறு ஆண்டிற் கண்டமை வியப்புக்குரியது. அவன் 1829இல், இருபத்தாறு வயதிற் காலமானான்.

இச்சூத்திரத்தை ஒரு பழம் வினாவிற் பொருத்திப் பார்க்கலாம். எவ்வுயரத்திலிருந்து விட்டாலும் ஒரே நேரத்தில் அடியை அடையச் செய்யும் வளையி யாது? ஹைகன்ஸ் ஊசல் மணிக்கூடு பற்றி 1673இல் வெளியிட்ட நூலில், உருளும் சில்லின் விளிம்பிலுள்ள புள்ளி வரையும் சைக்கிளோயிட்டு என்னும் வளையியைத் தலைகீழாக வைத்தால் அது இப்பண்புடையது எனக் கேத்திரகணித முறையால் நிறுவியிருந்தார். ஆனால் அவர் வளையியை முன்னரே எண்ணி அதன் பண்பைச் சோதித்தார். ஏபெலின் வழியில், பண்பைக் கொடுத்தால் வளையி தானே வருகின்றது.

நேரம் T₀ என்னும் மாறிலியாயின் f = √(2g) T₀. இடப்பக்கத்துத் தொகையீடு 2√(2g) T₀ √z. வலப்பக்கத்தில் ∫₀ᶻ φ(t) dt என்பது அடியிலிருந்து z உயரம் வரையுள்ள வில்லின் நீளமாகிய s ஆகும். ஆகவே,

s² = (8g T₀² / π²) z

உருளும் சில்லின் ஆரை r ஆயின், சைக்கிளோயிட்டின் அடியிலிருந்து அளந்த வில்லுக்கு s² = 8r z என்பது அறிந்தது. இரண்டையும் ஒப்பிட்டால் r = g T₀²/π². எண்களை இட்டுப் பார்ப்பது நன்று. அரைச் செக்கனில் மணி அடியை அடைய வேண்டுமெனின், g ஐ செக்கன் வர்க்கத்துக்கு 9.8 மீற்றர் எனக் கொண்டு, r ஏறக்குறைய 0.248 மீற்றர். இத்தகைய வளையியில் ஆடும் ஊசலின் நீளம் 4r. அதாவது ஏறக்குறைய 0.993 மீற்றர். அடியை அடைய அரைச் செக்கன் எடுப்பது, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல ஒரு செக்கன் எடுக்கும்; மணிக்கூட்டுச் செக்கன் ஊசலின் நீளமும் இதுவே.

ஆயின் சூத்திரம் தரும் யாவும் வளையியாகி விடா. வில்லின் நீளம் அது ஏறிய உயரத்திலும் குறைதல் இயலாது. ஆகவே φ எங்கும் 1 இலும் குறையலாகாது. மேலைய வளையியில் s = √(8r z) ஆகையால் φ = √(2r/z); இது 1 இலும் குறையாதிருக்க z ஆனது 2r ஐ விஞ்சலாகாது. 2r என்பது சில்லின் விட்டம். சைக்கிளோயிட்டின் உச்சி சரியாக அவ்வுயரத்திலேயே உள்ளது. எனவே மேலே கண்ட அரைச் செக்கன் வளையி அரை மீற்றர் உயரத்துடன் முடிந்துவிடும். அதற்கு மேலிருந்து ஒரு மணியை அரைச் செக்கனில் அடிக்குக் கொணரும் இத்தகைய வளையியைக் கணிதமும் தரமாட்டாது, இயற்கையும் தரமாட்டாது. சமன்பாடு இதனைத் தானாக அறிவிக்காது. விடையைப் பெற்றபின் φ ஐ நோக்குபவனுக்கே இது புலனாகும்.

வகையிடல் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைப் பொது விதியாக வகுத்தவர் இத்தாலியரான வீற்றோ வொல்ற்றேரா. தூரின் நகரிற் பேராசிரியராக இருந்த அவர் 1896இல் இது பற்றிய கட்டுரைகளை வெளியிட்டார். K(x, x) எங்கும் பூச்சியமாகாதிருந்து, வேண்டிய பெறுதிகளும் தொடர்ச்சியாக இருப்பின், சமன்பாட்டை ஒருமுறை வகையிட்டு K(x, x) ஆல் வகுக்கலாம். அப்பொழுது φ(x) தொகையீட்டுக்கு வெளியே தனித்து நிற்கும். உள்ளே நிற்பதைப் படிப்படியான அண்ணளவாக்கத்தால் நீக்கி, ஒரேயொரு விடையைப் பெறலாம். ஆனால் அதற்கு f(0) = 0 என்னும் நிபந்தனை வேண்டும். இந்நிபந்தனையை வெறும் சம்பிரதாயமாகக் கருதுவோர்க்குப் பின்வரும் கணக்கு ஏற்றது.

x = ∫₀ˣ (1 + x − t) φ(t) dt

இங்கு K(x, x) = 1. வகையிட்டால் 1 = φ(x) + ∫₀ˣ φ(t) dt. x = 0 எனின் φ(0) = 1. மீண்டும் வகையிட்டால் φ′ = −φ; எனவே φ = e^(−x). இதனை மூலத்திற் பிரதியிட்டுத் தொகையிட்டால் x சரியாக வருகின்றது. இனி இடப்பக்கத்தில் x க்குப் பதிலாக x + 1 என எழுதுக. வகையிட்ட சமன்பாட்டில் ஓர் எழுத்தும் மாறாது; மீண்டும் φ = e^(−x) என்றே வரும். கணக்கைச் செய்தவன் எங்கும் தவறவில்லை. ஆயினும் x = 0 இல் மூலச் சமன்பாடு 1 = 0 என்கின்றது. அச்சமன்பாட்டுக்குத் தொடர்ச்சியான விடையே இல்லை; இல்லாத விடையை வகையிடல் தந்துவிட்டது. முன்னைய எடுத்துக்காட்டில் மாறிலியை மறந்தவன் விடைகளைப் பலவாக்கினான். இங்கு மறந்தவன் இல்லாததை உளதாக்குகின்றான். கண்ட φ ஐ மூலச் சமன்பாட்டிற் பிரதியிட்டுப் பார்ப்பது ஒன்றே இரண்டு தவறுகளையும் காட்டிக்கொடுக்கும்.

K(x, x) எங்கும் பூச்சியமாயின், x − t என்னும் கருவிற் கண்டதுபோல, மறுமுறை வகையிடுதல் வேண்டும்; அப்பொழுது f′(0) = 0 என்னும் இரண்டாம் நிபந்தனையும் சேரும். K(x, x) முடிவிலியாகுமிடத்து, அம்முடிவிலி 1/(x − t) இன் ஒன்றிலும் சிறிய அடுக்கால் வருவதாயின், வொல்ற்றேராவும் ஏபெலின் வழியே சென்றார்: உரிய அடுக்காற் பெருக்கி முதலிலே தொகையிட்டு, கருவின் கூர்மையை மழுங்கச் செய்து, அதன் பின்னரே வகையிட்டார்.